பிலவ வருஷத்து மாசி 9

கையெழுத்து நாட்குறிப்பைப் படியெடுக்கும்போது தேதியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எழுதியவர் என்ன எழுதினார் என்பது ஒன்று. அது ஆங்கில நாட்காட்டியில் எந்த நாள் என்பது மற்றொன்று. முதலாவது தாளில் இருக்கிறது. இரண்டாவது படியெடுப்பவர் ஊகித்துச் சேர்ப்பது. படியில் இரண்டாவது மட்டும் நின்று முதலாவது காணாமல் போனால், பின்னால் வரும் யாராலும் அந்த ஊகம் சரியா என்று சோதித்துப் பார்க்க முடியாது.

தஞ்சைப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டு வந்த நோட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எழுதியவர் திண்ணைப் பள்ளியில் எண் கற்றவர். பேரேடும் நாட்குறிப்பும் அவருக்கு ஒரே நோட்டுதான். நடவு, அறுப்பு, குத்தகை நெல், கோயில், திதி ஆகியவற்றைத் தமிழ் மாதத்தில் எழுதினார். கூட்டுறவு சொசைட்டித் தவணை, பள்ளிக்கூடச் சம்பளம், ரயில் பயணம், கோர்ட் வாய்தா எல்லாம் ஆங்கிலத் தேதியில் இருக்கின்றன. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். இது கவனக்குறைவு அல்ல. எந்தக் காரியம் எந்த நாட்காட்டியில் நடந்ததோ அதே நாட்காட்டியில் அதைக் குறித்திருக்கிறார். எல்லாவற்றையும் ஆங்கிலத் தேதியாக்கினால், ஒரு விவசாயி எந்த இடத்தில் பஞ்சாங்கத்தை விட்டு ஆபீஸ் காலண்டருக்கு மாறினார் என்ற தகவல் முழுவதும் அழிந்துவிடும்.

அப்படி அழிந்த படி ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் நோட்டின் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்திருந்தார். படிப்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் தை என்ற இடத்தில் ஜனவரி என்றும், மாசி என்ற இடத்தில் பிப்ரவரி என்றும் போட்டார். தேதி எண்ணை அப்படியே வைத்தார். பிலவ வருஷம் 1961 என்று எங்கோ பார்த்து அந்த எண்ணையும் சேர்த்தார். நோட்டைக் கையில் எடுத்து மறுபடியும் முதலிலிருந்து படியெடுத்தவர் அதை எழுதியவரின் பேத்தி. இங்கே சொல்லப்படும் முறை அவர் வேலையில் படிப்படியாக உருவானது.

முதலில் எழுத்தைப் படிக்க வேண்டும். நோட்டில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵ என்ற குறிகள் வருகின்றன. பழைய அச்சுப் புத்தகங்களில் இவற்றுக்குப் பதிலாக, உருவம் ஒத்திருப்பதால், ‘உ’, ‘மீ’, ‘வரு’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். எண்கள் பெரும்பாலும் தமிழ் எண்கள். இருபத்தைந்து என்பது ௨௰௫ என்று வரும். இடையில் உள்ள ௰ பத்தைக் குறிப்பது, சுழி அல்ல. ௬ பார்வைக்குச் ‘சு’ போலவும் ௯ ‘கூ’ போலவும் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் விரைந்து எழுதிய கையில் இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கும். ‘மாசி௴ ௯௳ புதன்’ என்ற பதிவில் அந்த எண் ஒன்பதா ஆறா என்று முதல் பார்வையில் தெரியவில்லை. கிழமைதான் கைகொடுத்தது. அதற்கு முந்தைய பதிவு ‘௮௳ செவ்வாய்’ என்று தெளிவாக இருந்ததால், புதன் ஒன்பதாகத்தான் இருக்க முடியும். இப்படித் தீர்த்துப் படித்த எண்ணைப் படியில் எழுதும்போது, அது கிழமையைக் கொண்டு தீர்த்தது என்பதையும் ஓரத்தில் குறித்தாக வேண்டும்.

இன்னும் சிக்கலான குறி ௸. இது ‘மேற்படி’. மாதத்தை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்தடுத்த பதிவுகளில் ‘௸௴ ௰௧௳’ என்று போய்க்கொண்டே இருப்பது கணக்கு எழுதியவர்களின் வழக்கம். ஒரு தாள் கிழிந்துபோனால் ‘மேற்படி’ எதைச் சுட்டுகிறது என்பதும் போய்விடும். இந்த நோட்டில் தாள் கிழியாமலே அந்தச் சிக்கல் வந்தது. மாசிப் பதிவுகளுக்கு நடுவே ‘பிப்ரவரி 24 சனி, சொசைட்டிக்குக் கட்டியது’ என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி ‘௸௴ ௰௫௳ செவ்வாய்’. மேற்படி மாதம் என்றால் உடனே மேலே இருப்பது பிப்ரவரி. ஆனால் 24க்குப் பிறகு 15 வராது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 செவ்வாயும் அல்ல, வியாழன். எழுதியவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த மாதம் மாசிதான். ஆங்கில வரி அவருக்கு இடையில் செருகிய சீட்டு மாதிரி. ஆகவே ௸ அந்த வரியைத் தாண்டி மாசிக்குப் போகிறது. படியில் ௸ குறியை அப்படியே விட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் [மாசி] என்று போடுவதே சரி. குறியை எடுத்துவிட்டு ‘மாசி 15’ என்று எழுதிவிட்டால், பேத்தியின் தீர்ப்பு தாத்தாவின் எழுத்தாகிவிடும்.

அடுத்தது வருஷம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிலவ 35ஆவது. 1961 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1962 ஏப்ரல் நடுவில் முடிந்தது. எனவே பிலவ வருஷத்துச் சித்திரை முதல் மார்கழியின் முற்பாதி வரை 1961. மார்கழியின் பிற்பாதியும் தை, மாசி, பங்குனியும் 1962. பிலவ என்றால் 1961 என்று எண்ணி எல்லா மாதத்துக்கும் அதையே போட்டால் தை முதலான மூன்று மாதங்களும் ஓர் ஆண்டு முன்னே தள்ளிப்போகும். தட்டச்சுப் படியில் நேர்ந்தது இதுதான். இன்னொரு ஆபத்தும் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. 41ஆவது ஆண்டின் பெயர் பிலவங்க; அது 1967-68. நோட்டில் சில இடங்களில் ‘பிலவ’ என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறார். அது முழுப் பெயரா, சுருக்கமா என்பதைக் கையெழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

கிழமையைப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். இங்கே அது தீர்க்கவில்லை, காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1962, 1968 இரண்டும் திங்கட்கிழமையில் பிறந்த ஆண்டுகள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களிலும் எல்லாத் தேதிகளுக்கும் கிழமை ஒன்றே. 1968 லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரி 29 வந்த பிறகுதான் பிரிகின்றன. ஆகவே தை, மாசிப் பதிவுகளில் கிழமை பொருந்துகிறது என்பது எந்த ஆண்டு என்பதற்குச் சான்றாகாது.

வழி திறந்தது ஒரு தைப் பதிவில். ‘தை௴ ௨௰௨௳ ஞாயிறு. அமாவாசை. தர்ப்பணம். அஷ்டகிரகம் என்று கோயிலில் ஹோமம். யாரும் வெளியூர் போகவில்லை.’ தட்டச்சுப் படியில் இதற்கு ‘1961 ஜனவரி 22’ என்று தேதி. அந்த நாளும் ஞாயிற்றுக்கிழமையேதான். தவறான தேதி கிழமைச் சோதனையில் தற்செயலாகத் தேறிவிட்டதால், அத்தனை ஆண்டுகள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திதியைப் பார்த்திருந்தால் வந்திருக்கும். 1961 ஜனவரியில் அமாவாசை 16ஆம் தேதி வாக்கில், 22 வளர்பிறை. 1968இல் தை மாதத்து அமாவாசை ஜனவரி 29 வாக்கில். அதுவும் பொருந்தாது. 1962இல் தை 1 ஜனவரி 14, ஞாயிறு. அதிலிருந்து எண்ணினால் தை 22 பிப்ரவரி 4, ஞாயிறு, தை அமாவாசை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஏழும் கேதுவோடு மகர ராசியில் கூடின என்று நாடெங்கும் ஹோமமும் பஜனையும் நடந்த அஷ்டகிரகச் சேர்க்கை 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை. மாதம், கிழமை, திதி, ஊரறிந்த நிகழ்ச்சி நான்கும் ஒரே நாளில் சந்திக்கின்றன. இதற்குமேல் பிலவங்கவுக்கு இடமில்லை. நோட்டில் மற்றப் பதிவுகளைக் கட்டிவைக்க இந்த ஒரு பதிவு முளைக்குச்சியாயிற்று.

ஆனால் தையில் முளை அடித்தாலும் மாசி தானாக நிலைப்படாது. தமிழ் மாதத்துக்கு நிலையான நீளம் இல்லை. 29 நாள் முதல் 32 நாள் வரை போகும். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரமான சங்கராந்தி, அஸ்தமனத்துக்கு முன் வந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின் வந்தால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு. 1962இல் கும்ப சங்கராந்தியைத் திருக்கணித முறையில் பின்னோக்கிக் கணக்கிட்டால் பிப்ரவரி 12 மாலையில், அஸ்தமனத்தை ஒட்டி வருகிறது. இப்படி விளிம்பில் வரும் சங்கராந்திக்குக் கால் மணி நேர வித்தியாசம் போதும், மாதப் பிறப்பு ஒரு நாள் மாறிவிடும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் அவ்வளவு நேரம் வேறுபடுவது சாதாரணம். ஊருக்கு ஊர் அஸ்தமன நேரமும் மாறும். எனவே அந்த ஆண்டு மாசி 1 பிப்ரவரி 12 திங்களா, 13 செவ்வாயா என்பதை இன்றைய கணிப்பொறி மாற்றி எதையும் கேட்டுத் தீர்க்க முடியாது. அது தன் கணக்கின்படி ஒரு விடை சொல்லும். தாத்தா எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினார் என்பது அதற்குத் தெரியாது.

நோட்டுக்கே தெரியும். ‘மாசி௴ ௯௳ புதன். வோட்டுப் போட்டு வந்தோம். கூட்டம். மத்தியானம் சாப்பாடு 3 மணி.’ அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தல் 1962 பிப்ரவரி 21, புதன்கிழமை. மாசி 9 புதன் என்றால் மாசி 1 செவ்வாய், அதாவது பிப்ரவரி 13. தைக்கு 30 நாள். அவர் கையில் இருந்த பஞ்சாங்கம் மாசியை மறுநாள் பிறப்பித்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. இதே பதிவில் ‘மாசி 10 புதன்’ என்று இருந்திருந்தால் விடை மாறியிருக்கும், அதுவும் சரியாகவே இருந்திருக்கும். மாற்றி ஒன்று மாசி 10 என்று காட்டுகிறது என்பதற்காகப் படியில் ஒன்பதைப் பத்தாகத் திருத்தியிருந்தால், அந்த வீட்டில் எந்தக் கணக்கு புழங்கியது என்பதற்கான சான்றைப் படியெடுப்பவரே அழித்திருப்பார்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் இரண்டு நாட்காட்டிகளும் வேறு. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. ‘மாசி௴ ௰௮௳ வெள்ளி ராத்திரி 3 மணிக்குப் பெண் குழந்தை’ என்று ஒரு பதிவு. மாசி 18 மார்ச் 2, வெள்ளி. ஆனால் ராத்திரி 3 மணி ஆங்கிலக் கணக்கில் மார்ச் 3, சனி. அந்தக் குழந்தையே இப்போது குடும்பத்தில் மூத்த அத்தை. சான்றிதழில் அவர் பிறந்த தேதி மார்ச் 3. நோட்டைக் காட்டி, “அத்தை, நீங்க பொறந்தது வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா?” என்று பேத்தி கேட்டபோது, “மூணு மணிக்கு இன்னும் விடியலையேடி, அப்ப வெள்ளிக்கிழமைதானே” என்றார். நோட்டும் சரி, சான்றிதழும் சரி. மாசி 18 என்பதை அட்டவணையில் பார்த்து மார்ச் 2 என்று மாற்றிப் போட்டு மூலத்தை எடுத்துவிட்டால்தான் முரண்பாடு பிறக்கும். அப்போது யாரோ ஒருவர் பொய்த் தேதி கொடுத்ததுபோல் தோன்றும்.

திதி குறித்த பதிவுகளில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். சிராத்தம் ஆண்டுதோறும் அதே தமிழ் மாதத்தில், அதே பிறையில், அதே திதியில் வரும். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ஒரு மரணப் பதிவில் ‘மாசி தேய்பிறை’ என்று திதியோடு இருப்பதை எடுத்துவிட்டு ஆங்கிலத் தேதி மட்டும் போட்டால், அடுத்த ஆண்டு எந்த நாளில் செய்வது என்று அறியும் வழியே அந்தப் பதிவிலிருந்து போய்விடுகிறது. குடும்பங்களில் பழைய நோட்டை மிகுதியும் தேடி எடுப்பது இந்த ஒரு தேவைக்காகத்தான்.

பழைய காலத்து நோட்டுகளில் இன்றைய ஒப்பீட்டு அட்டவணை இன்னும் அதிகம் தவறும். புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதியவர். 1736 செப்டம்பர் 6, வியாழக்கிழமை, நள வருஷம் ஆவணி 25இல் அது தொடங்குகிறது. இதன்படி அந்த ஆண்டு ஆவணி 1 ஆகஸ்ட் 13. இப்போது ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கிறது. ராசிகளை வைத்து அளக்கும் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளம் என்பதால், சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதப் பிறப்பு பின்னால் தள்ளிப்போகிறது. ஆங்கிலத் தேதியும் அன்று ஒன்றாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டியிலும் ஆங்கிலேயர் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியிலும் இருந்தார்கள்; நடுவில் 11 நாள் வித்தியாசம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த நாள் ஒரு கணக்கில் செப்டம்பர் 21, மற்றதில் செப்டம்பர் 10. பிள்ளையவர்கள் தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் கிழமையையும் விட்டுப்போனதால்தான் இவற்றை இன்று ஒன்றோடொன்று உரசிப் பார்க்க முடிகிறது.

படியின் அமைப்புக்கு வரலாம். பேத்தி விரிதாளில் நான்கு பத்திகள் வைத்தார். முதலாவதில் தேதி நோட்டில் உள்ளபடி, குறியும் தமிழ் எண்ணும் எழுத்துப் பிழையும் உட்பட. இரண்டாவதில் குறிகளை விரித்த வாசிப்பு. மூன்றாவதில் இணையான ஆங்கிலத் தேதி. நான்காவதில் அதற்கு ஆதாரம். மாசி 9 பதிவு இப்படி நின்றது:

```
மாசி௴ ௯௳ புதன் | [பிலவ] மாசி 9, புதன் | [1962-02-21] | கிழமை, தேர்தல் நாள்
```

இரண்டாவது, மூன்றாவது பத்திகளில் நோட்டில் இல்லாத எதுவும் சதுர அடைப்புக்குள் வரும். பிலவ என்பது அந்தப் பக்கத்தில் எழுதப்படவில்லை, தைப் பதிவிலிருந்து வந்தது, அதனால் அடைப்பு. ‘பிப்ரவரி 24 சனி’ என்ற வரியில் நாளும் மாதமும் நோட்டிலேயே இருப்பதால் ஆண்டு மட்டும் அடைப்புக்குள். ஆங்கிலத் தேதிக்கு எதிர்த்திசையில் தமிழ்த் தேதி கண்டுபிடித்துச் சேர்ப்பதை அவர் செய்யவில்லை. எழுதியவர் அந்த நாளை அப்படி நினைக்கவில்லை என்பதே காரணம்.

விரிதாளிலும் ஓர் ஆபத்து உண்டு, அது மனிதர் செய்யாத மாற்றம். நோட்டில் ‘5-3’ என்று இருப்பதை அப்படியே தட்டினால், கட்டம் அதைத் தானாகத் தேதியாக்கி நடப்பு ஆண்டையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். அமைப்பைப் பொறுத்து அது மார்ச் 5 ஆகவும் ஆகலாம், மே 3 ஆகவும் ஆகலாம். தட்டியது என்ன என்பது பிறகு தெரியாது. முதல் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Format Cells` பகுதியில் `Text` என்று வைத்த பிறகே தட்டத் தொடங்க வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன எழுத்து திரும்பாது.

பழைய டைரியில் எழுதப்பட்ட பக்கங்களுக்குத் தனிக் குறிப்பு தேவைப்பட்டது. நோட்டு தீர்ந்தபோது, எழுதாமல் கிடந்த வேறு ஆண்டு டைரியை எடுத்து எழுதியிருக்கிறார். பக்கத்தின் மேலே அச்சான தேதி ஒன்று, கையால் எழுதிய தேதி வேறு. அச்சுத் தேதியை அடிக்காமல் விட்ட இடங்களும் உண்டு. கையெழுத்துத் தேதியே பதிவின் தேதி. அச்சுத் தேதி ஆதாரப் பத்தியில் ‘பக்கத்தில் அச்சு’ என்று மட்டும் போகும். கையால் எதுவும் எழுதாத பக்கத்துக்கு அச்சுத் தேதியைக் கொடுக்கக் கூடாது.

தீராத பதிவுகள் சில மிஞ்சின. ‘பங்குனி௴ ௩௳ மழை’ என்பதில் கிழமை இல்லை, திதி இல்லை, வெளியில் தெரிந்த நிகழ்ச்சியும் இல்லை. அவருடைய பஞ்சாங்கம் மாசியை 29 நாளாக முடித்ததா 30 நாளாக முடித்ததா என்பதை மற்றப் பக்கங்களும் சொல்லவில்லை. 29 என்றால் மார்ச் 16, 30 என்றால் மார்ச் 17. மூன்றாவது பத்தியில் இரண்டு தேதியும் ‘அல்லது’ போட்டு நின்றன. ஆதாரப் பத்தியில் ‘மாசி நாள் எண்ணிக்கை தெரியவில்லை’ என்று. வரிசைப்படுத்த மட்டும் முந்தைய தேதி பயன்பட்டது. அதோடு பக்க எண்ணும் பக்கத்தில் எத்தனையாவது பதிவு என்பதும் ஐந்தாவது பத்தியாகச் சேர்ந்தன. தேதிகளை எப்படி அடுக்கிப் பார்த்தாலும், அந்தப் பத்தியைக் கொண்டு தாத்தா எழுதிய வரிசைக்கே திரும்ப முடியும்.